இலக்கைவிடக் குறைந்தது ஏன்? நிதி மேலாளருக்கு ஒரு சிறு குறிப்பு

கேள்வி: வணக்கம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத விற்பனைக்கும் இலக்குக்கும் உள்ள மாறுபாட்டை விளக்கி நிதி மேலாளருக்குக் குறிப்பு எழுதுவது இப்போது என் பொறுப்பு. சென்ற மாத இலக்கு 110 லட்சம், விற்றது 107.2 லட்சம். "சந்தை மந்தத்தால் விற்பனை இலக்கைவிட 2.5 சதவீதம் குறைந்தது. அடுத்த மாதம் சீராகும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். "இதில் எனக்குத் தெரியாதது எது?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை அவர் படித்ததாகவே தெரியவில்லை. எங்களிடம் பெரிய மாடல், சிறிய மாடல் என இரண்டே பொருள்கள். விற்பனைப் பதிவேட்டையும், விற்பனைக் குழு சொன்ன காரணங்களையும் இணைத்திருக்கிறேன். அவருக்கு என்னதான் வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவேட்டைத் திறந்ததும் தெரிந்த முதல் செய்தி, சென்ற மாதம் நீங்கள் திட்டமிட்டதைவிட அதிக எண்ணிக்கையில் விற்றிருக்கிறீர்கள் என்பதுதான். 2,000 விற்கத் திட்டம், விற்றது 2,100. எண்ணிக்கை 5 சதவீதம் கூடியிருக்கும் மாதத்துக்குச் சந்தை மந்தம் என்று காரணம் எழுதினால், உங்கள் மேலாளர் அல்ல, யாராக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்புவார்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எழுதியதால் வந்த வினை இது. 2.8 லட்சம் குறைவு என்பது மிச்சம் நின்ற தொகை. அதற்குள் சில லட்சங்கள் கூடியும் சில லட்சங்கள் குறைந்தும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கின்றன. மிச்சம் சிறியதாக இருப்பதால் உள்ளே நடந்ததும் சிறியது என்று நினைத்துவிடுகிறோம். ஆகவே காரணம் தேடும் முன்னால் தொகையைப் பிரிக்க வேண்டும்.

பெரிய மாடலில் இலக்கு 500, ஒன்றின் விலை 10,000. விற்றது 400, சராசரி விலை 9,800. சிறிய மாடலில் இலக்கு 1,500, விலை 4,000. விற்றது 1,700, விலையில் மாற்றமில்லை. இந்த நான்கு வரிகளிலேயே கதை முழுவதும் இருக்கிறது.

இலக்கின்படி ஒரு பொருளுக்குச் சராசரியாக 5,500 வர வேண்டும். 110 லட்சத்தை 2,000-ஆல் வகுத்தால் வருவது அது. நீங்கள் கூடுதலாக விற்ற 100-ஐ இந்தச் சராசரியால் பெருக்கினால் 5.5 லட்சம். இது அளவு மாறுபாடு. இலக்கில் இருந்த அதே விகிதத்தில் இரண்டு மாடல்களும் விற்றிருந்தால் இவ்வளவு கூடுதலாக வந்திருக்கும். ஆனால் விகிதம் மாறிவிட்டது. விற்ற 2,100-ஐ இலக்கு விலையில் மதிப்பிட்டால், பெரியதில் 40 லட்சம், சிறியதில் 68 லட்சம், மொத்தம் 108 லட்சம்தான் வருகிறது. 2,100-ஐ 5,500-ஆல் பெருக்கினால் 115.5 லட்சம் வந்திருக்க வேண்டும். இடையில் உள்ள 7.5 லட்சம் கலவை மாறுபாடு: விலை கூடிய பொருள் குறைந்து, விலை குறைந்த பொருள் கூடியதால் போனது. கடைசியாக, 108 லட்சம் வர வேண்டிய இடத்தில் உண்மையில் வந்தது 107.2 லட்சம். அந்த 0.8 லட்சம் விலை மாறுபாடு, அதாவது தள்ளுபடி.

கூட்டிப் பாருங்கள்: கூடுதல் 5.5, குறைவு 7.5, குறைவு 0.8. மிச்சம் குறைவு 2.8. மூன்றும் சேர்ந்து மொத்த மாறுபாட்டோடு கடைசிப் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கணக்கை வைத்துக்கொண்டு குறிப்பு எழுதத் தொடங்காதீர்கள். "இதர காரணங்கள்" என்று ஒரு வரி முளைப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

எக்செல் தாளில் B நிரலில் இலக்கு எண்ணிக்கை, C-யில் இலக்கு விலை, D-யில் விற்ற எண்ணிக்கை, E-யில் விற்ற சராசரி விலை, இரண்டு மாடல்களும் 2, 3-ஆம் வரிசைகளில் என்று வைத்துக்கொண்டால், அளவு, கலவை, விலை என்ற வரிசையில் மூன்று சூத்திரங்கள் போதும்:

```
=(SUM(D2:D3)-SUM(B2:B3))*SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
=SUMPRODUCT(D2:D3,C2:C3)-SUM(D2:D3)*SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
=SUMPRODUCT(D2:D3,E2:E3-C2:C3)
```

இந்தப் பிரிவினைக்கு ஓர் எல்லை உண்டு. பொருள்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறீர்களோ, அதற்கேற்பக் கலவை என்ற எண் மாறும். இரண்டு மாடல்களாகப் பார்த்தால் ஒன்று வரும். ஒவ்வொரு மாடலையும் நான்கு வகைகளாக உடைத்தால் இன்னொன்று வரும். எனவே ஒரு மட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மாதா மாதம் அதையே பின்பற்றுங்கள். உங்கள் நிறுவனம் நாளைக்கு உதிரிப் பாகங்களும் விற்கத் தொடங்கினால், அவற்றை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு திருகாணியையும் ஓர் இயந்திரத்தையும் ஒரே "எண்ணிக்கை"யாகக் கூட்டினால் கிடைக்கும் சராசரி விலைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அவற்றைத் தனி வரியாக, தொகையாக மட்டும் காட்டினால் போதும். இலக்கே இல்லாத புதிய பொருளுக்கும் இதேதான்.

பிரித்ததோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். "கலவை மாறுபாடு 7.5 லட்சம் பாதகம்" என்பது இன்னும் காரணம் ஆகவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. நிதி மேலாளரின் மனத்தில் உள்ள கேள்வி வேறு: இந்தப் பணம் திரும்பி வருமா, வராதா? வருமென்றால் எப்போது? வராதென்றால் அடுத்த மாதமும் இதே அளவு போகுமா? அவர் மாத முடிவில் வருடக் கணிப்பைத் திருத்த வேண்டும், பணவரவைத் திட்டமிட வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். உங்கள் பழைய குறிப்பில் இதற்கெல்லாம் ஒரே விடையாக இருந்தது "சீராகும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்பது. யார் எதிர்பார்க்கிறார்கள், எதை வைத்து என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

விற்பனைக் குழு தந்த காரணங்களை இந்தக் கேள்வியோடு படித்தேன். அவை நான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறதா, சான்று இருக்கிறதா, திரும்பி வருமா என்று பார்த்தேன்.

முதலாவது, மாதத்தின் கடைசி நாளில் லாரியில் ஏறிய 60 பெரிய மாடல்கள். இன்வாய்ஸ் அன்றே போட்டாகிவிட்டது. ஆனால் அந்த டீலருடன் உள்ள ஒப்பந்தப்படி சரக்கு அவருடைய கிடங்கில் இறங்கிய பிறகுதான் அது அவருடையது. இறங்கியது அடுத்த மாதம் இரண்டாம் தேதி. விற்பனைக் குழு இதை இந்த மாத விற்பனை என்கிறது. உங்கள் பிரிவு சேர்க்கவில்லை. நீங்கள் செய்ததுதான் சரி. வருவாய் பற்றிய சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15, பொருளின் மீதான கட்டுப்பாடு வாடிக்கையாளரிடம் மாறும்போதுதான் விற்பனையைப் பதியச் சொல்கிறது. இன்வாய்ஸ் தேதி அதைத் தீர்மானிப்பதில்லை. டீலரின் பெறுகை ரசீதில் உள்ள தேதியைப் பாருங்கள், அதுதான் சான்று. இலக்கு விலையில் 6 லட்சம். இது முழுவதும் அடுத்த மாதம் வந்துவிடும். வந்தேவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிர். மூன்று டீலர்கள் வழக்கமாக மாதம் ஆளுக்கு 30 சிறிய மாடல்கள் வாங்குபவர்கள்; இந்த முறை கடைசி வாரத்தில் ஆளுக்கு 70-ஆகக் கணக்கை உயர்த்திக்கொண்டார்கள். காலாண்டு முடிவில் கிடைக்கும் அளவுத் தள்ளுபடிக்கான வரம்பை எட்டுவதற்காக. கூடுதல் 120, தொகை 4.8 லட்சம். விற்பனைக் குழு இதை "சிறிய மாடலுக்கு அமோக வரவேற்பு" என்று எழுதியிருக்கிறது. இல்லை. டீலரின் அலமாரியில் சரக்கு கூடியிருக்கிறது; கடைசி வாடிக்கையாளர் எவரும் கூடுதலாக வாங்கவில்லை. அடுத்த மாதம் இந்த மூவரும் குறைவாக வாங்குவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: விற்பனையை வாரவாரியாகவும் டீலர்வாரியாகவும் அடுக்கி, கடைசி வாரத்தின் பங்கை முந்தைய காலாண்டுகளின் கடைசி மாதத்தோடு ஒப்பிடுங்கள். தேவை உண்மையாகவே கூடியிருந்தால் அது நான்கு வாரங்களிலும் பரவித் தெரியும். கடைசி வாரத்தில் மட்டும், தள்ளுபடி வரம்புக்கு அருகில் இருந்த டீலர்களிடம் மட்டும் கூடியிருந்தால், அது அடுத்த மாதத்திடம் வாங்கிய கடன்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அளவுத் தள்ளுபடியை விற்பனையிலிருந்து கழித்துத்தான் காட்ட வேண்டும். அதை விளம்பரச் செலவில் போடக்கூடாது. நீங்கள் கழித்துத்தான் காட்டியிருக்கிறீர்கள். இலக்கிலும் கழித்திருப்பதாகப் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது, நல்லது. ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கழிக்காமல் விட்டால் எங்கிருந்தோ ஒரு விலை மாறுபாடு தோன்றும். அதற்குக் காரணம் தேடி ஒரு நாள் வீணாகும்.

மூன்றாவதுதான் இந்த மாதத்தின் உண்மையான செய்தி. அதை விற்பனைக் குழு கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறது. பெரிய மாடலைக் கொடுக்க இப்போது மூன்று வாரம் ஆகிறது. காத்திருக்க மனமில்லாதவர்கள் சிறியதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எத்தனை பேர் என்று அவர்கள் எழுதவில்லை. ஆனால் நீங்கள் இணைத்த விலைப்புள்ளிப் பட்டியலில் அது இருக்கிறது: பெரிய மாடலுக்கு விலைப்புள்ளி வாங்கி, சிறிய மாடலுக்கு ஆர்டர் கொடுத்தவை 40. ஒவ்வொன்றிலும் 6,000 குறைவு, மொத்தம் 2.4 லட்சம். இந்த வாடிக்கையாளர்கள் அடுத்த மாதம் திரும்பி வந்து பெரியதை வாங்கப்போவதில்லை. காத்திருப்பு மூன்று வாரமாகவே நீடித்தால் அடுத்த மாதமும் இதே தொகை போகும், அதற்கடுத்த மாதமும் போகும்.

நான்காவது, தள்ளுபடி. சராசரி விலை 9,800 என்றதும் எல்லோருக்கும் 200 குறைத்துக் கொடுத்ததுபோல் தோன்றும். இன்வாய்ஸ்களைப் பிரித்துப் பார்த்தால் 300 பெரிய மாடல்கள் முழு விலைக்கே போயிருக்கின்றன. ஒரே வாடிக்கையாளருக்கு 100 மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 800 குறைத்து. அதுதான் 80,000. சராசரி சொல்லும் கதையும் பட்டியல் சொல்லும் கதையும் வேறு வேறாக இருப்பது விலை மாறுபாட்டில் அடிக்கடி நடக்கும். எல்லோருக்கும் சிறிது குறைந்திருந்தால் போட்டி விலையைக் கீழே இழுக்கிறது என்று பொருள். ஒருவருக்கு மட்டும் அதிகமாகக் குறைந்திருந்தால் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த முடிவு இந்த ஆர்டருக்கு மட்டுமா, வருட ஒப்பந்த விலையா என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு முறை மட்டும் என்று விற்பனைத் தலைவர் சொல்லியிருக்கிறார். சரி, அவர் சொன்னதாகவே எழுதுங்கள். உங்கள் ஊகமாக எழுதாதீர்கள்.

இப்போது மிச்சத்தைப் பார்ப்போம். பெரிய மாடலில் குறைந்த 100: தள்ளிப்போனது 60, சிறியதற்கு மாறியது 40. முடிந்தது. சிறிய மாடலில் கூடிய 200: முன்கூட்டி வாங்கியது 120, பெரியதிலிருந்து வந்தது 40. மீதி 40-க்கு, அதாவது 1.6 லட்சத்துக்கு, காரணம் கிடைக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். 1,500 விற்க வேண்டிய பொருளில் 40 கூடுவது எந்த மாதத்திலும் நடக்கக்கூடியது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில்தான் வானிலை, பண்டிகை, விடுமுறை எல்லாம் குறிப்புக்குள் நுழைகின்றன.

காரணங்களை வைத்து மறுபடியும் கூட்டலாம். தள்ளிப்போனது, முன்கூட்டி வந்தது இரண்டும் சேர்ந்து நிகரமாக 1.2 லட்சம் குறைவு. மாடல் மாறியதில் 2.4 குறைவு, தள்ளுபடியில் 0.8 குறைவு, காரணம் தெரியாத கூடுதல் 1.6. மொத்தம் 2.8 குறைவு. முதல் கூட்டலும் இரண்டாம் கூட்டலும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. முதலாவது எங்கே என்று சொல்கிறது. இரண்டாவது ஏன் என்று சொல்கிறது. மேலாளருக்குப் போக வேண்டியது இரண்டாவதுதான். முதலாவதற்கு ஒரு வாக்கியம் போதும்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உங்கள் இரண்டு குறிப்புகளிலும் அது இல்லை. மேலாளர் அதைத்தான் தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பனை 2.5 சதவீதம்தான் குறைந்தது. பங்களிப்பு, அதாவது மாறும் செலவுகளைக் கழித்தபின் ஒவ்வொரு பொருளும் விட்டுச்செல்லும் தொகை, எவ்வளவு குறைந்தது? உங்கள் தாளின்படி பெரிய மாடல் இலக்கு விலையில் 3,500 தருகிறது. சிறியது 800 மட்டும். இலக்குப் பங்களிப்பு 29.5 லட்சம். உண்மையில் பெரியதில் 3,300 வீதம் 13.2 லட்சம், சிறியதில் 13.6 லட்சம், மொத்தம் 26.8 லட்சம். குறைவு 2.7 லட்சம், சதவீதத்தில் 9-ஐத் தாண்டுகிறது. விற்பனையில் போன தொகையும் பங்களிப்பில் போன தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன! விற்பனை குறைந்தால் செலவும் குறையும் என்ற ஆறுதல் இந்த மாதம் கிடைக்கவில்லை. ஏனென்றால் பெரிய மாடல் குறைந்ததில் மிச்சமான செலவைக் கூடுதலாக விற்ற சிறிய மாடல்களைச் செய்யும் செலவு விழுங்கிவிட்டது, தள்ளுபடியில் போன 80,000-க்கு எதிராக எந்தச் செலவும் குறையவில்லை. விற்பனைக் குழுவின் ஊக்கத்தொகை விற்பனைத் தொகையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும் நிறுவனங்களில் இந்த வேறுபாட்டை வேறு எவரும் எழுதமாட்டார்கள். நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனிக் குறிப்பு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> சென்ற மாத விற்பனை 107.2 லட்சம்; இலக்கைவிட 2.8 லட்சம் (2.5%) குறைவு. பங்களிப்பு 26.8 லட்சம்; இலக்கைவிட 2.7 லட்சம் (9%) குறைவு. விற்ற எண்ணிக்கை இலக்கைவிட 100 அதிகம்; பெரிய மாடல் 100 குறைந்து சிறிய மாடல் 200 கூடியதே குறைவுக்கு முக்கியக் காரணம்.
>
> தொடரக்கூடியது: பெரிய மாடலுக்கு மூன்று வாரக் காத்திருப்பு இருப்பதால் 40 ஆர்டர்கள் சிறிய மாடலுக்கு மாறின. விற்பனையில் 2.4 லட்சம், பங்களிப்பில் 1.1 லட்சம் இழப்பு. காத்திருப்பு குறையும் வரை மாதந்தோறும் இதே அளவு எதிர்பார்க்கலாம். எப்போது குறையும் என்ற தேதியை உற்பத்திப் பிரிவிடம் கேட்டிருக்கிறோம்.
>
> ஒரு முறை மட்டும்: ஒரு வாடிக்கையாளருக்கு 100 பெரிய மாடல்களில் தலா 800 தள்ளுபடி, 0.8 லட்சம். வருட ஒப்பந்த விலை அல்ல என்று விற்பனைத் தலைவர் உறுதி செய்துள்ளார்.
>
> மாதம் மாறியவை (நிகரம் 1.2 லட்சம் குறைவு): 60 பெரிய மாடல்கள் இரண்டாம் தேதி டீலரிடம் சேர்ந்தன, 6.0 லட்சம் அடுத்த மாதக் கணக்கில் வரும். மூன்று டீலர்கள் காலாண்டுத் தள்ளுபடிக்காக 120 சிறிய மாடல்களை முன்கூட்டி வாங்கினர், 4.8 லட்சம் அடுத்த மாதம் குறையும்.
>
> மீதி 1.6 லட்சம் கூடுதல், சிறிய மாடலின் வழக்கமான ஏற்ற இறக்கம். காத்திருப்பு மாறாவிட்டால் அடுத்த மாத விற்பனை இலக்கைவிடச் சுமார் 1.2 லட்சம் குறையும் என்று மதிப்பிடுகிறோம்.

அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தின் கணக்கு எளிது: மாதம் மாறியதில் 1.2 திரும்ப வருகிறது, மாடல் மாற்றத்தில் 2.4 மறுபடியும் போகிறது. "அடுத்த மாதம் சீராகும்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் பதிவேடு வேறு சொல்கிறது.

வரிசையைக் கவனித்திருப்பீர்கள். தொகையில் மிகப் பெரியது 6 லட்சம். ஆனால் அது முதலில் வரவில்லை. 2.4 லட்சம் முதலில் வந்தது. தானாகத் திரும்பி வரும் 6 லட்சத்தைப் பற்றி மேலாளர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. யாராவது எதையாவது செய்தால்தான் நிற்கும் என்ற இழப்பு அந்த 2.4 லட்சம். தொகை வாரியாக அடுக்குவது எக்செலுக்குச் சுலபம், படிப்பவருக்கு உதவாது.

எந்த அளவுக்குக் குறைவான மாறுபாட்டை விட்டுவிடலாம் என்ற வரம்பை மேலாளரிடமே ஒரு முறை கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். சதவீதத்தை மட்டும் வரம்பாக வைக்காதீர்கள். 10,000 இலக்கு உள்ள வரியில் 40 சதவீதம் குறைந்தால் 4,000; அதற்கு ஒரு பத்தி தேவையில்லை. தொகை, சதவீதம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். மொத்த மாறுபாட்டுக்கு மட்டும் அல்லாமல், அளவு, கலவை, விலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்த வரம்பைப் பொருத்துங்கள். உங்கள் நிறுவனத்தில் 3 சதவீதத்துக்குக் கீழே விளக்கம் வேண்டாம் என்ற விதி இருந்திருந்தால், சென்ற மாதத்தின் 2.5 சதவீதத்தை எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்குள் 7.5 லட்சக் கலவை மாறுபாடு உட்கார்ந்திருந்தது.

இலக்கையும் ஒரு முறை சந்தேகியுங்கள். வருட இலக்கைப் பன்னிரண்டால் வகுத்து எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தால், வேலை நாள் குறைந்த மாதங்களில் பாதகமும் கூடிய மாதங்களில் சாதகமும் தானாகவே வரும். அதற்கு விற்பனைக் குழுவிடம் காரணம் கேட்டுப் பயனில்லை. உங்கள் இலக்கு மாதவாரியாகப் பிரித்துப் போடப்பட்டிருப்பதால் இந்த முறை அந்தச் சிக்கல் இல்லை.

கூட்டல் கழித்தல் குறிகளில் ஒரே மரபை வைத்துக்கொள்ளுங்கள். நான் குறிப்பில் குறிகளையே போடாமல் "குறைவு", "கூடுதல்", "இழப்பு" என்று எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் எண் போட்டால் எதிர்மறை என்று கணக்குப் பிரிவுக்குத் தெரியும்; அந்தக் குறிப்பு வேறு துறைக்கு முன்னனுப்பப்படும்போது அவர்களுக்குத் தெரியாது.

அனுப்பும் முன்னால் விற்பனைத் தலைவரிடம் காட்டுங்கள். எண்களையும் உண்மைகளையும் அவர் சரிபார்க்கட்டும். முடிவுகளைத் திருத்தச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அந்த 120 மாடல்களை "முன்கூட்டி வாங்கியது" என்று எழுதுவதை அவர் விரும்பமாட்டார். டீலர்களின் கையிருப்பு விவரத்தைக் கேளுங்கள். சரக்கு விற்றுப்போயிருந்தால் அவர் சொல்வது சரி, நீங்கள் வாக்கியத்தை மாற்றலாம், அடுத்த மாதக் கணிப்பிலிருந்து 4.8 லட்சக் குறைவையும் எடுத்துவிடலாம். கையிருப்பு அப்படியே இருந்தால் வாக்கியமும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த மாதக் குறிப்பு எழுதும்போது இந்த மாதக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 6 லட்சம் வந்ததா, 4.8 லட்சம் குறைந்ததா, மாடல் மாறிய ஆர்டர்கள் 40-தானா என்று முதலில் பாருங்கள். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும்.